இடது கையால் எழுதும் குழந்தைக்கு முதலில் தாளைத் திருப்புங்கள்

எங்கள் மகள் இடது கைப் பழக்கம் உடையவள். அவள் யு.கே.ஜி. சேர்ந்த ஜூன் மாதத்திலிருந்து அரையாண்டு விடுமுறை வரை, எங்கள் வீட்டில் எழுத்து வேலை என்பது பெரும்பாலும் அழுகையில் முடிகிற வேலையாகவே இருந்தது. அந்த மாதங்களில் ஒரு கையெழுத்துப் பயிற்சி வகுப்புக்கு நாலாயிரம் ரூபாய் போனது. பென்சிலில் மாட்டும் சிலிக்கான் பிடிகளுக்கு முந்நூறு ரூபாய்க்கு மேல் போனது. கடைசியில் பயன் தந்தவை தாளை வைக்கும் இடமும் அதன் சாய்வும், அவள் உட்காரும் இடமும், பென்சிலைச் சற்று மேலே பிடிப்பதும்தான். இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை. வீட்டில் இடது கைக்காரர் யாரும் இல்லாத பெற்றோருக்கு இவை தாமாகத் தெரிய வாய்ப்பில்லை என்பதால், நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

எல்.கே.ஜி.யில் சிலேட்டில் பெரிய பெரிய எழுத்துகளை எழுதியவரை எதுவும் உறுத்தவில்லை. யு.கே.ஜி.யில் நாலு கோடு நோட்டு வந்ததும் நிலைமை மாறியது. டயரியில் ‘வேலையை முடிக்கவில்லை’, ‘நோட்டு அழுக்காக உள்ளது’ என்ற குறிப்புகள் தொடர்ந்து வந்தன. மாலையில் பார்த்தால் அவளுடைய இடது உள்ளங்கையின் சுண்டுவிரல் ஓரம் முழுவதும் பென்சில் கரி ஏறிச் சாம்பல் நிறத்தில் இருக்கும். எழுதும்போது அவள் கையை எழுதும் கோட்டுக்கு மேலே கொண்டுபோய், மணிக்கட்டைக் கொக்கிபோல் உள்ளே வளைத்து, மேலிருந்து கீழாகப் பென்சிலைப் பிடிப்பாள். அரைப் பக்கம் முடிவதற்குள் ‘கை வலிக்குதும்மா’ என்பாள். அத்தை வேறு, “பீச்சாங்கையால எழுதினா அப்படித்தான் வலிக்கும், சோத்தாங்கைக்கு மாத்திவிடு” என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் அன்பினால்தான் சொன்னார் என்றாலும், குழந்தை அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பள்ளியில் யாராவது பார்த்தால் பென்சிலை வலது கைக்கு மாற்றிக்கொள்ளவும் தொடங்கினாள். அதைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவதென்று தெரியவில்லை.

பயிற்சி வகுப்பில் எல்லோருடைய கவனமும் அவளுடைய கையின் மேலேயே இருந்தது. மேசையில் நோட்டை நேராக, உடம்புக்கு நடுவில் வைத்து, அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்குவார்கள். பிடி விட்ட அடுத்த நொடியே அது பழையபடி மேலே போய் வளைந்துகொள்ளும். பிறகு சிலிக்கான் பிடி மாட்டினார்கள். அந்தப் பிடியில் பெருவிரல் படவேண்டிய இரண்டு பள்ளங்களுக்கு ஆங்கில எழுத்துகளால் வலது, இடது என்று குறியிட்டிருக்கும். எங்கள் மகளின் பென்சிலில் வலது கைக்குரிய பள்ளம் பெருவிரலுக்கு வரும்படியே அது மாட்டப்பட்டிருந்தது; அந்த வகுப்பில் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. முன்பணமாகக் கட்டிய தொகை திரும்பி வராது என்று சொன்னார்கள். அதைவிட வருத்தம் தந்தது, எழுதுவது என்றாலே அவள் முகம் மாறத் தொடங்கியதுதான்.

நவம்பரில் ஒரு குழந்தைகள் மருத்துவரின் பரிந்துரையின்பேரில் எழுதுவது, உண்பது போன்ற அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவரிடம் போனோம். ஒரு முறை பார்க்க எழுநூறு ரூபாய். அவர் முதலில் எழுதவே சொல்லவில்லை. பந்து எறியவும், கரண்டியால் பாசிகளை ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றவும், தலை வாரவும், பல் துலக்குவதுபோல் நடிக்கவும் சொன்னார். எல்லாவற்றுக்கும் அவள் கேட்காமலேயே இடது கையை நீட்டினாள். பொருள்களை மேசையின் நடுவில் வைத்துத்தான் எடுக்கச் சொன்னார் என்பதையும் கவனித்தேன். வலப்பக்கம் வைத்தால் எந்தக் குழந்தையும் வசதிக்காக வலது கையை நீட்டக்கூடும் அல்லவா? கைப் பழக்கம் பெரும்பாலான குழந்தைகளுக்கு நாலிலிருந்து ஆறு வயதுக்குள் உறுதிப்பட்டுவிடும் என்றும், இவளுக்கு அது உறுதிப்பட்டே இருக்கிறது, மாற்ற முயலவேண்டாம் என்றும் தெளிவாகச் சொன்னார். உங்கள் குழந்தை இரண்டு கைகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால், எழுத்துக்கு முன்பாக இதைத்தான் சில வாரங்கள் வீட்டிலேயே கவனிக்கவேண்டும்.

அதன் பிறகு ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து எழுதச் சொல்லி, சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குழந்தையின் கையைத் தொடாமல் தாளை மட்டும் இடப்பக்கம் நகர்த்தி, சாய்த்து வைத்தார். மணிக்கட்டு தானாகவே கோட்டுக்குக் கீழே இறங்கியது. முழுமையாக இறங்கியது என்று சொல்லமாட்டேன்; ஆனால் வகுப்பில் கையைப் பிடித்து இழுத்தும் இறங்காதது, அங்கே யாரும் சொல்லாமலேயே பாதியாவது இறங்கியது.

ஏன் அப்படி என்பதை அவர் விளக்கியபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. தமிழும் ஆங்கிலமும் இடமிருந்து வலமாக எழுதப்படுபவை. வலது கைக்காரரின் கை, எழுதியதை விட்டு விலகிக்கொண்டே போகிறது; எழுதிய எழுத்து எப்போதும் கண்ணுக்குத் தெரியும். இடது கைக்காரரின் கையோ எழுதியதன் மேலேயே ஏறி வருகிறது. எழுத்தை மறைக்கிறது, கரியைத் தேய்க்கிறது. தாள் உடம்புக்கு நேர் நடுவில் இருந்தால் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்ளும்: வரியின் முடிவுக்கு வரும்போது முழங்கை விலாவில் போய் முட்டும், அதற்குமேல் கை நகர இடமில்லாமல் மணிக்கட்டு மடங்கியே ஆகவேண்டும். ஆகவே அந்தக் கொக்கி, எழுதியதைப் பார்ப்பதற்கும் இடத்தைச் சம்பாதிப்பதற்கும் குழந்தை தானே கண்டுபிடித்த வழி. தாளைச் சரியாக வைக்காமல் கையை மட்டும் திருத்தினால், அந்த வழியையும் நாம் அடைத்துவிடுகிறோம்.

தாளை வைக்கும் முறை இதுதான். தாளின் வலது ஓரம் குழந்தையின் சட்டைப் பொத்தான் வரிசைக்கு ஏறத்தாழ நேராக வரும்படி, தாள் முழுவதையும் இடப்பக்கம் தள்ளுங்கள். பிறகு கடிகார முள் சுற்றும் திசையில் அதைச் சாய்த்துவிடுங்கள். தாளின் இடது மேல் மூலை உயர்ந்தும், வலது மேல் மூலை தாழ்ந்தும், வலது கீழ் மூலை குழந்தையின் வயிற்றை நோக்கியும் இருக்கவேண்டும். இது வலது கைக்காரர்கள் சாய்ப்பதற்கு நேர் எதிரான திசை என்பதால், பெரியவர்களின் கை பழக்கத்தில் மாற்றிச் சாய்த்துவிடும். அப்படி மாற்றிச் சாய்ந்த தாள், நேராக வைத்த தாளைவிடவும் அதிகமாகக் கொக்கியை வளர்க்கும். சாய்வு முப்பது டிகிரியை ஒட்டி இருந்தால் ஐந்து வயதுக்குப் போதும். கோணமானி தேவையில்லை: மேசையில் கிடக்கும் இடது முன்கையும் தாளின் பக்கவாட்டு ஓரமும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால் சாய்வு சரி. சாய்வு குறைந்தால் மணிக்கட்டு மறுபடி மேலே ஏறும். மிகுந்தால் குழந்தை தலையையும் உடம்பையும் சேர்த்துச் சாய்க்கத் தொடங்குவாள், நிமிர்ந்து நிற்கவேண்டிய எழுத்துகளும் ஒருபக்கம் சாயும். எங்கள் மகளுக்கு முதல் வாரம் நான் மிகையாகத்தான் சாய்த்துவிட்டேன் போலும். ‘ப’வின் இரண்டு கால்களும் இடப்பக்கம் சாய்ந்து நின்றதைப் பார்த்து, சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டு வந்தோம்.

வலது கைக்கும் வேலை உண்டு என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது தாளின் வலது ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கவேண்டும். ஒவ்வொரு வரி முடிந்ததும் தாளைக் கொஞ்சம் மேலே தள்ளிவிடவேண்டும். அப்போதுதான் எழுதும் கை மேசையில் ஒரே மட்டத்தில் நிற்கும். தாளை நகர்த்தாமல் கையைக் கீழே கீழே இறக்கிக்கொண்டே வந்தால், பக்கத்தின் அடிப்பகுதியில் முன்கை மேசையை விட்டுத் தொங்கும், கடைசி நாலு வரிகள் கோணலாகும். மேலே ஒழுங்காகவும் கீழே கோணலாகவும் இருக்கும் பக்கத்தைப் பார்த்தாலே காரணம் இதுதான் என்று கண்டுகொள்ளலாம். மேசையில் வண்ண டேப் ஒட்டி, தாளின் இடது ஓரமும் அடி ஓரமும் சாய்வாக அமர வேண்டிய இரண்டு கோடுகளைக் குறித்துவைத்தோம். தொடங்கும்போது நோட்டை அந்தக் கோடுகளில் பொருத்திவிடுவாள். வரிகள் இறங்க இறங்க நோட்டு இடப்பக்கக் கோட்டை ஒட்டியே மேலே நகரும். இப்படிச் செய்ததால், ‘சாய்த்து வை, சாய்த்து வை’ என்று நான் பின்னால் நின்று சொல்லும் தேவை குறைந்தது.

நோட்டுப் புத்தகம் ஒற்றைத் தாளைவிடச் சற்று அதிகம் சோதித்தது. விரித்த நோட்டின் வலப்பக்கத்தில் எழுதும்போது, நடுவில் இருக்கும் மடிப்பு மேட்டின் மேல் இடது கை ஏறி இறங்கும். ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தும் அதனால் தடுமாறும். பின் அடித்த மெல்லிய நோட்டானால் எழுதாத பக்கங்களைப் பின்னால் மடித்துவிடலாம். தடித்த நோட்டானால் தாழ்ந்திருக்கும் பக்கத்தின் கீழே இன்னொரு நோட்டை வைத்து மட்டப்படுத்தலாம். சுருள்கம்பி நோட்டுகளைத் தவிர்த்துவிடுங்கள். கம்பி நேராக இடது கையின் அடியில் வந்து குத்தும்.

பென்சில் பிடிக்கு வருகிறேன். தாள் சரியானபின் அதில் பெரிதாகத் திருத்த எதுவும் இல்லை என்பது எனக்கே வியப்பாக இருந்தது. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் இருபுறமும் பிடிக்க, நடுவிரலின் பக்கவாட்டில் பென்சில் சாய்ந்திருக்கும் மூன்று விரல் பிடிதான் இரண்டு கைகளுக்கும் பொது. வேறுபாடு உயரத்தில் இருக்கிறது. வலது கைக் குழந்தை முனையிலிருந்து ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் பிடித்தால், இடது கைக் குழந்தை இரண்டரையிலிருந்து மூன்றரை சென்டிமீட்டர் வரை மேலே பிடிக்கவேண்டும். அப்போதுதான் விரல்களுக்குக் கீழே முனை கண்ணுக்குத் தெரியும். அந்த உயரத்தில் ஒரு சிறிய ரப்பர் பேண்டை இறுக்கிச் சுற்றிவிட்டோம், சிலிக்கான் பிடிகள் டப்பாவுக்குள் போயின. பென்சிலின் பின்முனை இடது தோளின் பக்கம் நோக்கியிருந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொருள். அது குழந்தையை விட்டு விலகி எதிர்ப்புறம் நோக்கினால் கொக்கி திரும்பிவிட்டது என்று பொருள். அறையின் மறுகோடியிலிருந்தே இதைப் பார்த்துவிடலாம் என்பதால், குழந்தையின் அருகில் போய்த் தலைமேல் நிற்க வேண்டியதில்லை.

அழுத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இடமிருந்து வலமாகப் போகும் கோட்டை வலது கை இழுத்துக்கொண்டு போகிறது, இடது கை தள்ளிக்கொண்டு போகிறது. தள்ளும்போது கூரிய முனை தாளில் குத்தும், சில நேரம் கிழிக்கும். ‘ட’ எழுதும்போது கீழே இறங்கும் கோடு மெலிதாகவும், வலப்பக்கம் போகும் கோடு தடித்தும் எங்கள் மகளின் நோட்டில் இருந்ததன் காரணம் இதுதான். ஊசிபோல் சீவாமல் முனையைச் சற்று மழுக்கிக் கொடுப்பதும், எச்.பி. பென்சிலையே பயன்படுத்துவதும் போதுமானவை. அதைவிட மென்மையான கரி வழுக்கிக்கொண்டு போகும், ஆனால் தேய்ந்து அழுக்காகும். தாளைத் திருப்பிப் பின்புறம் விரலால் தடவிப் பார்த்தால் அழுத்தம் மிகுதியா என்று தெரிந்துவிடும்.

இவற்றையெல்லாம் நம்பத் தயங்கும் வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு சோதனை உண்டு. என் கணவர் இடது கையால் ‘அம்மா வந்தாள்’ என்று முதலில் நேரான தாளிலும், பிறகு இடப்பக்கம் நகர்த்திச் சாய்த்த தாளிலும் எழுதிப் பார்த்தார். முதல் தாளில் ‘வந்தாள்’ வருவதற்குள் அவருடைய மணிக்கட்டும் மகளுடையதைப் போலவே வளைந்துவிட்டது. அத்தையும் எழுதிப் பார்த்தார். அதன் பிறகு கையை மாற்றச் சொல்லும் பேச்சு வீட்டில் எழவில்லை.

உட்காரும் இடத்தில் வீடு எளிது, பள்ளி கடினம். வீட்டில் சாப்பாட்டு மேசை அவளுக்கு உயரம். மேசை மார்பு மட்டத்தில் இருந்தால் கைக்கு மேலாக எட்டிப் பார்க்க முடியாது; இடது கைக் குழந்தைக்கு அந்தப் பார்வை இன்னும் அவசியம். ஆகவே நாற்காலியில் கெட்டியாக மடித்த ஜமக்காளத்தைப் போட்டு, மடித்த முழங்கையின் மட்டத்துக்கு மேசை வரும்படி உயர்த்தினோம். உயர்த்தியதும் கால்கள் தொங்கின. கால் தொங்கினால் உடம்பு ஆடும், அந்த ஆட்டம் எழுத்தில் தெரியும். பாதங்கள் முழுவதும் படியும்படி ஒரு மணைப்பலகையைக் கீழே போட்டோம். விளக்கு வலப்பக்கத்திலிருந்து வரவேண்டும். இடப்பக்கம் இருந்தால் எழுதவேண்டிய இடத்தின் மேலேயே கையின் நிழல் விழும். டியூப்லைட்டை மாற்ற முடியாது என்பதால் நாற்காலியை எதிர்ப்பக்கம் போட்டுவிட்டோம்.

பள்ளியில் ஒரு பெஞ்சுக்கு மூன்று குழந்தைகள். எங்கள் மகள் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய இடது முழங்கையும், இடப்பக்கத்துப் பையனின் வலது முழங்கையும் நாள் முழுவதும் இடித்துக்கொண்டிருந்திருக்கின்றன. டயரியில் ‘பக்கத்துக் குழந்தையைத் தள்ளுகிறாள்’ என்று வந்த குறிப்புக்குக் காரணம் அதுதான் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. இடது கைக் குழந்தைக்கு உரிய இடம் பெஞ்சின் இடது முனை. அந்த முனை சுவரை ஒட்டி இருக்கக் கூடாது, நடைபாதைப் பக்கம் இருக்கவேண்டும். சுவர் என்றால் பையனுக்குப் பதிலாகச் சுவரில் இடிப்பாள், அவ்வளவுதான்.

மிஸ்ஸிடம் பேசியபோது அவர் மறுக்கவில்லை, ஆனால் ஒரு நியாயமான சிக்கலைச் சொன்னார். “உயரத்தைப் பார்த்துத்தான் உட்கார வைக்கிறோம் மேடம், மாசா மாசம் இடத்தையும் மாத்துவோம்.” வரிசையை முன்னும் பின்னும் எப்படி வேண்டுமானாலும் மாற்றுங்கள், எந்த வரிசையானாலும் இடது முனையை மட்டும் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். ஒப்புக்கொண்டார். பள்ளியில் பேசப் போகிறவர்களுக்கு நான் சொல்வது, ‘என் குழந்தையைத் தனியாகக் கவனியுங்கள்’ என்று பொதுவாகக் கேட்காமல், இப்படி ஒரே வாக்கியத்தில் செய்து முடிக்கக்கூடிய கோரிக்கையாகக் கேளுங்கள் என்பதுதான். நாற்பது குழந்தைகளை வைத்துக்கொண்டிருப்பவருக்கு அதுதான் நினைவில் நிற்கும்.

இரண்டாவது கோரிக்கை மாதிரி எழுத்தைப் பற்றியது. பெரும்பாலான பயிற்சி நோட்டுகளில் பார்த்து எழுதவேண்டிய எழுத்து வரியின் இடது ஓரத்தில் இருக்கும். இடது கைக் குழந்தை முதல் எழுத்தை எழுதக் கையை வைத்தவுடனேயே அது உள்ளங்கைக்கு அடியில் மறைந்துவிடும். அதனால் அவள் தான் கடைசியாக எழுதியதைப் பார்த்தே அடுத்ததை எழுதுகிறாள். வரி முடிவதற்குள் எழுத்தின் வடிவம் மெல்ல மெல்லத் திரிந்துபோகிறது. முதல் ‘அ’ சரியாகவும் கடைசி ‘அ’ அடையாளம் தெரியாமலும் இருந்தால், கவனக்குறைவு என்று முடிவு கட்டுவதற்கு முன் மாதிரி எழுத்து எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மிஸ் இப்போது வரியின் வலது ஓரத்திலும் அதே எழுத்தை ஒரு முறை எழுதிவிடுகிறார். வீட்டில் நான் முழு வரியையும் மேல் வரியிலேயே எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

கோடுகளின் திசையிலும் கொஞ்சம் தளர்வு தேவைப்பட்டது. தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் பென்சிலை எடுக்காமல் எழுதுபவை என்பதால் அவற்றின் வரிசையை மாற்றவில்லை. ஆங்கிலத்தில் ‘டி’, ‘எஃப்’, ‘எச்’ போன்ற எழுத்துகளின் குறுக்குக் கோட்டை அவள் வலமிருந்து இடமாக இழுக்கிறாள். இடது கைக்கு அதுதான் இழுப்பு, மற்றது தள்ளல். எழுத்தின் வடிவம் சரியாக இருக்கும்வரை அதைத் திருத்தவேண்டாம் என்று தெரபிஸ்ட் சொன்னார். சில எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி எழுதுவதும் உண்டு. ஐந்து வயதில் வலது கைக் குழந்தைகளும் அப்படி எழுதுவார்கள் என்பதால் அதை இடது கையின் குறையாக எண்ணவேண்டியதில்லை. ஏழு வயதைத் தாண்டியும் அடிக்கடி வந்தால் விசாரிக்கலாம்.

பொங்கல் விடுமுறைக்குள் கை வலி என்ற பேச்சு குறைந்தது, உள்ளங்கை ஓரத்தில் கரி ஏறுவது ஏறத்தாழ நின்றது. வேகம் உடனே வரவில்லை. மாதக்கணக்கில் பழகிய கொக்கி, களைப்பாக இருக்கும் நாள்களிலும் அவசரமாக எழுதும்போதும் இன்னும் எட்டிப் பார்க்கிறது. அப்போது கையைத் திருத்தாமல், வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு நோட்டை மறுபடி டேப் கோட்டில் பொருத்தச் சொல்கிறேன். ஒரே மூச்சில் பத்து நிமிடத்துக்கு மேல் எழுதவிடுவதில்லை. தாளும் இருக்கையும் பிடியும் சரியாக அமைந்து ஓரிரு மாதங்கள் ஆனபின்னும் வலி தொடர்ந்தாலோ, பொத்தான் போடுவது, கரண்டி பிடிப்பது போன்ற வேலைகளிலும் விரல்கள் தடுமாறினாலோ, காரணம் இடது கைப் பழக்கம் அல்ல; அப்போது கையெழுத்து வகுப்பைத் தேடாமல் நேரே தெரபிஸ்ட்டிடம் காட்டவேண்டும். ஜூனில் முதல் வகுப்புக்குப் புதிய மிஸ் வருவார். பெஞ்சின் இடது முனை, மாதிரி எழுத்து வலது ஓரத்தில், நோட்டு சாய்ந்திருந்தால் நேராக்கவேண்டாம் என்ற மூன்று வரிகளை எழுதி, இப்போதே டயரியின் முதல் பக்கத்தில் ஒட்டத் தயாராக வைத்திருக்கிறேன்.